‘வரொ கதொல்த புதொஅவா லுன்த’: ஃபின்லாந்து தெரு போர்டு ஒண்ணும் அதைத் தமிழ்ல சொல்ற வழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்சிங்கில குளிர்காலத்துல பில்டிங் சுவரோரமா ஒரு மஞ்ச போர்டு இருக்கே, நாலே வார்த்தை, அதுல என்ன எழுதியிருக்கு?

போர்டுல இருக்கிறது இதுதான், டைப் பண்ணித் தேடுறவங்களுக்காக அப்படியே தர்றேன்:

```
VARO KATOLTA PUTOAVAA LUNTA
```

அர்த்தம்: கூரை மேலேருந்து பனி சரிஞ்சு விழும், ஜாக்கிரதை.

இனி இதைத் தமிழ் எழுத்துலயே எழுதுறேன்: வரொ கதொல்த புதொஅவா லுன்த. த எங்க வந்தாலும் ‘பத்து’ல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லுங்க, ‘பந்து’ல வர்ற மாதிரி மெத்துன்னு இல்ல, அதனாலதான் லுந்தன்னு எழுதாம லுன்தன்னு எழுதுறேன். குறில் நெடில் ரெண்டையும் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்க, ஏன்னா இந்த போர்டுல ஒரு வேற்றுமை விகுதி வெறும் நெடிலாத்தான் வருது, அது கீழ வரும்.

ஃபின்னிஷ்ல 15 வேற்றுமை இருக்குன்னு சொல்றாங்க, இந்த போர்டைப் படிக்க அத்தனையும் தெரியணுமா?

வேணாம், ரெண்டு போதும். கதொல்தல இருக்கிற -ல்த ஒண்ணு, அது ‘மேலேருந்து’. இன்னொண்ணு புதொஅவா, லுன்த ரெண்டுலயும் இருக்கிறது, அதுக்குத் தமிழ்ல நேர் பேரு கிடையாது, ‘கொஞ்சம், இவ்வளவுன்னு அளவு சொல்லாதது’ங்கிற மாதிரி ஒரு வேற்றுமை, பகுதி வேற்றுமைன்னு வச்சுக்கலாம். வரொங்கிறது வினை, அதுல வேற்றுமையே இல்ல, ‘பாத்துக்கோ’ன்னு ஏவல்.

நம்ம இலக்கணத்துல எட்டு வேற்றுமைன்னு படிச்சவங்களுக்கு 15ன்னதும் மலைப்பா இருக்கும், ஆனா நாம ‘மேலேருந்து’, ‘உள்ளேருந்து’, ‘கிட்டேருந்து’ன்னு தனி வார்த்தை சேர்த்துச் சொல்றதையெல்லாம் அவங்க விகுதியாவே ஒட்டிடுறாங்க, எண்ணிக்கை கூடுறதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

டிக்ஷனரில கதொல்தன்னு போட்டா ஒண்ணுமே வரல, லுன்த போட்டாலும் வரல, என்ன பண்றது?

‘வீட்டில்’ங்கிறதைத் தமிழ் அகராதில தேடிப் பாருங்க, வராது, வீடுன்னு தேடணும். அதே கதைதான். விகுதி ஒட்டும்போது வேர்ச்சொல் மாறுது. நம்மகிட்ட ஒத்தை எழுத்து இரட்டிக்கும், வீடு வீட்டில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். ஃபின்னிஷ்ல தலைகீழ், இரட்டை ஒத்தையாகும். கூரைக்குப் பேரு கத்தொ, ரெண்டு த. -ல்த ஒட்டுனதும் ஒரு த போயிடும், கதொ + ல்த = கதொல்த. அதனால இந்த மாதிரி வார்த்தை கிடைக்கலன்னா விகுதியைக் கழட்டிட்டு நடுவுல இருக்கிற ஒத்தை எழுத்தை இரட்டிச்சுத் தேடிப் பாருங்க.

லுன்த இன்னும் கொஞ்சம் கஷ்டம். பனிக்குப் பேரு லுமி. அது விகுதி ஏத்துக்கும்போது லும்னு நின்னு, பக்கத்துல த வந்ததும் ம் ன் ஆகிடுது, லும் + த = லுன்த. மரம் மரத்தைன்னு ஆகும்போது ம் காணாமப் போறதை நாம கவனிக்கிறதே இல்ல, பழகிடுச்சு, ஆனா தமிழ் புதுசாப் படிக்கிறவங்களுக்கு மரத்தைங்கிறதுலேருந்து மரத்தைக் கண்டுபிடிக்கிறது இதே சிரமம்தான்.

தேட வேண்டிய வடிவங்கள் இவை:

```
varo     -> varoa
katolta  -> katto
putoavaa -> putoava -> pudota
lunta    -> lumi
```

விக்சனரில லுன்தன்னு விகுதியோடவே போட்டாலும் ‘இது லுமியோட இன்ன வடிவம்’னு காட்டிடும், அதுல ஆரம்பிக்கிறது சுலபம். பொதுவா அச்சு அகராதில அது கிடைக்காது, வேரைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் போகணும். விழுறதுக்கான வினையோட அகராதி வடிவத்துல நடுவுல த இல்ல, ட ஒலி வருதுன்னு பாத்திருப்பீங்க, அதுவும் இதே இளகுற பழக்கம்தான்.

-ல்தன்னாலும் ‘இருந்து’, -ஸ்தன்னாலும் ‘இருந்து’ன்னு புத்தகத்துல போட்டிருக்கு, அப்போ கதொஸ்தன்னு எழுதியிருந்தா என்ன மாறிடும்?

நிறைய மாறிடும், இந்த போர்டோட உயிரே அங்கதான் இருக்கு.

ஃபின்னிஷ்ல இடத்தைச் சொல்ற விகுதிகள் ரெண்டு குடும்பமா இருக்கு. -ஸ்ஸ, -ஸ்தன்னு ஸ போட்டு வர்றது உள்பக்கத்துக்கு: உள்ள இருக்கு, உள்ளேருந்து வருது. -ல்ல, -ல்த, -ல்லென்னு ல போட்டு வர்றது மேல்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும்: மேல இருக்கு, மேலேருந்து வருது, மேல போகுது. கதொல்லன்னா கூரை மேல, கதொல்தன்னா கூரை மேலேருந்து, கதொல்லென்னா கூரை மேலுக்கு.

இப்போ கத்தொங்கிற வார்த்தைக்கு ஒரு விசேஷம் இருக்கு. வெளிய வெயிலும் மழையும் படுற கூரையும் கத்தொதான், வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு அண்ணாந்து பாக்குற சீலிங்கும் கத்தொதான். ஒரே வார்த்தை. எதுன்னு பிரிச்சுக் காட்டுறது பெரும்பாலும் விகுதிதான். கதொஸ்ஸன்னா சீலிங்ல, லைட்டு தொங்குதே அது கதொஸ்ஸ. கதொல்லன்னா வெளிய கூரை மேல, பூனை உக்காந்திருக்கே அது கதொல்ல. மழைக்கு ஒழுகுதுன்னா கதொஸ்த தண்ணி சொட்டுதும்பாங்க, ஏன்னா அது கூரைக்குள்ளேருந்து, சீலிங் வழியா வருது. பனி விழுறது கூரைத் தகட்டு மேல படிஞ்சு கிடந்து வழுக்கி வர்றது, அதனால கதொல்த.

தமிழ்ல ‘கூரையிலிருந்து’ன்னு எழுதுனா இந்த ரெண்டும் ஒண்ணாப் போயிடுது. கூரையிலிருந்து தண்ணி சொட்டுதுன்னும் சொல்லலாம், கூரையிலிருந்து பூனை குதிச்சுதுன்னும் சொல்லலாம், நம்ம ‘இல்’லுக்கு உள்ளயா மேலயாங்கிற வித்தியாசம் கிடையாது. பேச்சுல அந்த வித்தியாசத்தைக் கொண்டு வரணும்னா ‘மேலேருந்து’ன்னு சேர்த்தாகணும். அதனாலதான் நான் எப்பவும் ‘கூரை மேலேருந்து’ன்னு சொல்றேன். அந்த ‘மேல்’ அலங்காரத்துக்கு வந்த வார்த்தை இல்ல, அதுதான் -ல்தவோட மொழிபெயர்ப்பு.

‘மாடியிலிருந்து’ன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, அதைத் தவிர்க்கலாம்னு எனக்குத் தோணுது. மாடின்னா நமக்கு மொட்டைமாடி, தட்டையான தளம், அங்கேருந்து ஒண்ணு விழணும்னா யாராவது போடணும். ஹெல்சிங்கி பழைய கட்டடங்கள்ல அஞ்சாறு மாடிக்கு மேல சாய்வான தகட்டுக்கூரை, பனி தானா வழுக்கி வரும். ஆபத்து அந்தச் சாய்வுல இருக்கு.

ஒரு ஆப்ல போட்டா ‘கூரையிலிருந்து விழாமல் கவனமாக இருங்கள்’னு வந்துச்சு, விழுறது யாரு, நானா பனியா?

பனி. கூரை மேல நீங்க ஏறல, கீழ நடந்து போயிட்டிருக்கீங்க, இடத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும், ஆனா இடத்தைப் பாக்காம வார்த்தையிலேருந்தே கண்டுபிடிக்க முடியும், அதுக்குத்தான் அந்த விகுதி இருக்கு.

புதொஅவ அப்படிங்கிறது நம்ம பெயரெச்சம் மாதிரி, ‘விழுகிற’, ‘விழும்’. பெயரெச்சம்னா பின்னாடி ஒரு பெயர் வேணும், விழுகிற எது? தமிழ்ல பெயரெச்சம் எந்தப் பெயர் வந்தாலும் மாறாது, விழுகிற பனி, விழுகிற பனியை, விழுகிற பனிக்கு, எல்லாத்துலயும் ‘விழுகிற’ அப்படியே நிக்கும், வேற்றுமையைப் பெயர் மட்டும்தான் சுமக்கும். ஃபின்னிஷ்ல பெயர் என்ன வேற்றுமையோ அதே வேற்றுமையைப் பெயரெச்சமும் ஏத்துக்கும். லுமி லுன்த ஆச்சுன்னா புதொஅவ புதொஅவா ஆகணும். கடைசி அ நெடிலாச்சு பாருங்க, அதுதான் விகுதி, வேற எதுவும் ஒட்டல. காதுல விழுற அந்த ஒரு மாத்திரைதான் வேற்றுமை. நமக்குக் குறில் நெடில் பிறவியிலேயே வந்தது, இந்த விஷயத்துல இங்கிலீஷ் காதைவிட நம்ம காது சட்டுன்னு பிடிச்சுடும்.

அப்போ புதொஅவா, லுன்த ரெண்டும் ஒரே வேற்றுமையில கைகோத்து நிக்குது, அதனால விழுறது லுன்த, அதாவது பனி. ‘நீ விழாம பாத்துக்கோ’ன்னு எழுதணும்னா ஃபின்னிஷ்ல வடிவமே வேற, வரொ புதொஅமஸ்தன்னு வரும். அங்க பனியும் இருக்காது, விழுறதுங்கிற செயலே -ஸ்த ஏத்துக்கிட்டு நிக்கும், விழுறதுலேருந்து தப்பிச்சுக்கோங்கிற மாதிரி. ஆப் தந்த வாக்கியம் அந்த வடிவத்துக்குத்தான் பொருந்தும்.

இங்க ஒரு தப்பு சகஜமா நடக்கும். ரெண்டு வார்த்தையிலயும் விகுதி இருக்கேன்னு தமிழ்லயும் ரெண்டு தடவை போடப் பாப்பாங்க, ‘விழுகிறதை பனியை’ன்னு. வேணாம். ஒட்டு ரெண்டு இருந்தாலும் வேற்றுமை ஒண்ணுதான், தமிழ்ல அது பெயர்கிட்ட ஒரு தடவை வந்தாப் போதும், இந்த வாக்கியத்துல அது கூட வேண்டியதில்ல, அடுத்த கேள்வில சொல்றேன்.

இன்னொரு சந்தோஷமான விஷயம், வரொவை மட்டும் எடுத்துக் கடைசில வச்சுட்டா மிச்ச மூணு வார்த்தையும் தமிழ் வரிசையிலேயே இருக்கு. கதொல்த, கூரை மேலேருந்து. புதொஅவா, விழுற. லுன்த, பனி. இங்கிலீஷ்ல இதைச் சொல்லணும்னா பனி முன்னாடி வந்து கூரை கடைசிக்குப் போகும். அதனால இங்கிலீஷ் வழியா வந்து தமிழாக்குறதைவிட போர்டைப் பாத்து நேரா எழுதுறது எளிது.

லுன்தங்கிறது ரெண்டாம் வேற்றுமை மாதிரிதானே, ‘பனியை’ன்னு ஐ போட்டு எழுதுனா தப்பா?

இலக்கணத்துல தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா நெருக்கமா இல்ல. இந்தப் பகுதி வேற்றுமை என்ன சொல்லுதுன்னு காபியை வச்சுப் பாப்போம். யொஇன் கஹ்விஅன்னா ‘காபி குடிச்சேன்’, எவ்வளவுன்னு இல்ல, குடிச்சேன் அவ்வளவுதான். யொஇன் கஹ்வின் அப்படின்னா ‘காபியக் குடிச்சேன்’, அந்தக் கப்புல இருந்ததைக் குடிச்சு முடிச்சேன். முதல் வாக்கியத்துல பகுதி வேற்றுமை, ரெண்டாவதுல முழுசு. தமிழைக் கவனிங்க, முதல்ல ஐ இல்ல, ரெண்டாவதுல ஐ இருக்கு. அளவும் அடையாளமும் சொல்லாத பொருளுக்கு நாம ஐயை விட்டுடுறோம், தண்ணி குடிச்சேன், சோறு சாப்பிட்டேன், பால் வாங்குனேன். அவங்க அந்த இடத்துல விகுதி போடுறாங்க. ரெண்டும் ஒரே எல்லைக்குள்ள அடங்காது, ஆனா காபி, தண்ணி, பனி மாதிரி அள்ளிக் கொட்டுற பொருளுக்கு நல்லாவே ஒத்துப் போகுது.

போர்டுல லுன்த வந்ததுக்கு நேர்க் காரணம் வரொ. இந்த வினை எந்தப் பொருளைக் காட்டி எச்சரிச்சாலும் பகுதி வேற்றுமைதான் கேக்கும். நாய் இருக்கிற வீட்டு கேட்ல வரொ கொய்ரான்னு இருக்கும், கொய்ரங்கிறது நாய், அது நெடிலாகி கொய்ரா. அதுக்கு நம்ம ஊர் கேட்ல என்ன எழுதியிருப்போம்? ‘நாய்கள் ஜாக்கிரதை’. ஐயும் இல்ல, குவ்வும் இல்ல, எந்த விகுதியும் இல்ல. நாய்களை ஜாக்கிரதைன்னோ நாய்களிடமிருந்து எச்சரிக்கையாக இருக்கவும்னோ யாரும் எழுத மாட்டாங்க, எழுதுனா வேற ஊர்க்காரங்க எழுதுன மாதிரி இருக்கும். அதே வழக்கத்துல இங்கயும் பனிக்கு விகுதி வேணாம்.

அப்போ ‘பனி விழும், ஜாக்கிரதை’ன்னு போட்டாப் போதும்ல, எதுக்கு இவ்வளவு?

போதாது. என் வீட்டுல நடந்ததைச் சொல்றேன். பிப்ரவரி மாசம் அம்மா அப்பா ஊர்லேருந்து வந்திருந்தாங்க, நாங்க இருந்தது ஹெல்சிங்கில கல்லியொ பக்கம், பழைய கல் கட்டடங்கள் வரிசையா இருக்கிற ஏரியா. அஞ்சு நாள் கடுங்குளிருக்கு அப்புறம் வெயில் அடிச்சு சைபருக்கு மேல போச்சு, கூரையில கிடந்ததெல்லாம் இளக ஆரம்பிச்சிடுச்சு, சுவரோரமா இந்த போர்டை வச்சுட்டாங்க. அம்மா என்னன்னு கேட்டாங்க, நான் அவசரத்துல “பனி விழும், பாத்துப் போங்கன்னு போட்டிருக்கும்மா”ன்னேன். அம்மா “அதான் மஃப்ளர் கட்டிருக்கேன்ல டா”ன்னுட்டு சுவரை ஒட்டியே நடந்தாங்க.

அவங்க மேல தப்பே இல்ல. நம்ம ஊர்ல பனி விழுதுன்னா மார்கழிக் காலையில தலையில இறங்குற ஈரம், தலையை மூடிக்கிட்டா முடிஞ்சுது. பனிங்கிற ஒரே வார்த்தைக்குள்ள அதிகாலைப் புல்லுல இருக்கிறதும் இருக்கு, மூடுபனியும் இருக்கு, இந்த ஊர்ல வெள்ளையாக் கொட்டுறதும் இருக்கு. லுமிங்கிற வார்த்தைக்குள்ள கடைசி ஒண்ணு மட்டும்தான்.

வினையிலயும் ஒரு நுணுக்கம். ஃபின்னிஷ்ல வானத்துலேருந்து பனி வர்றதுக்கு ஸதா லுன்தம்பாங்க, ‘பனி பெய்யுது’. அதே லுன்த, ஆனா வினை வேற. போர்டுல இருக்கிறது பெய்யிற வினை இல்ல, கை தவறி கப்பு விழுந்தா என்ன வினையோ அந்த வினை. நமக்கும் இந்த ரெண்டும் தனித்தனியா இருக்கு, பெய்யிறது ஒண்ணு, விழுறது ஒண்ணு. ஆனா பனியைப் பொறுத்தவரை நாம பனி பெய்யுதுன்னும் சொல்றோம், பனி விழுதுன்னும் சொல்றோம், ரெண்டும் ஒரே அர்த்தம். அதனால வெறும் ‘விழும்’ங்கிற வினை அந்த வேறுபாட்டைத் தாங்காது. ‘சரிஞ்சு விழும்’னு ஒரு வார்த்தை சேர்த்தா சரியாகிடுது. மண் சரியும், மூட்டை சரியும், அடுக்கு சரியும், எடை உள்ளதுதான் சரியும், மார்கழிப் பனி சரியாது. கேட்ட உடனே தலை தானா மேல நிமிரும்.

பனிக்கட்டின்னு மாத்தலாமேன்னு கேப்பீங்க. அது ஐஸ், அதுக்கு ஃபின்னிஷ்ல தனி வார்த்தை இருக்கு. லுமிக்குப் பனிக்கட்டி போட்டீங்கன்னா அடுத்து ஐஸும் சேர்ந்து வர்ற போர்டுல மாட்டிக்குவீங்க.

விழுகிற, விழும், விழக்கூடிய, இதுல எதைப் போடுறது?

புதொஅவ இப்பவா இனிமேலான்னு பிரிக்காது, இப்ப விழுந்துக்கிட்டிருக்கிறதும் விழ வாய்ப்பு இருக்கிறதும் ரெண்டும் அதுக்குள்ள அடங்கும். விழுகிறன்னா இப்ப கண்ணு முன்னாடி விழுது, வாசகர் மேல பாப்பார், ஒண்ணும் விழல, போர்டு பழசுன்னு நினைச்சுக்கிட்டுக் கீழயே நடப்பார். விழக்கூடிய சரிதான், ஆனா போர்டுக்கு நீளம், ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கு. விழும்னு உம் போட்டா இப்பவும் ஆகும், எப்பவும் ஆகும், இனிமேலும் ஆகும், அந்த உம் புதொஅவவோட நல்லா ஒட்டுது.

வரொன்னா ‘பாத்துக்கோ’ன்னு ஒருமையில அதட்டுற மாதிரி இருக்கே, மரியாதைக் குறைவா எழுதுவாங்களா?

அங்க அது மரியாதைக் குறைவு இல்ல. வரொகான்னு பன்மை வடிவம் இருக்கு, அதுதான் மரியாதைக்கும் பல பேருக்கும் பொது, ஆனா தெரு போர்டுல ஒருமை ரொம்ப சாதாரணம், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. தமிழ்ல ‘கவனமாயிரு’ன்னு போர்டு வச்சா வயசானவங்களுக்கு நெருடும். நம்ம போர்டு மொழியில இதுக்கு ரெண்டு வழி இருக்கு: ஆளையே குறிப்பிடாம ‘ஜாக்கிரதை’, ‘கவனம்’னு பெயரா நிறுத்துறது, இல்லன்னா ‘செல்லவும்’னு முடிக்கிறது. நாலு வார்த்தை போர்டுக்கு முதல் வழி. ஏவல் வினைக்குத் தமிழ்லயும் ஏவல் வினைதான் போடணும்னு கட்டாயம் இல்ல, வேலை நடக்கணும் அவ்வளவுதான்.

சரி, கடைசியா என்ன எழுதி ஒட்டுனீங்க?

அன்னைக்கு சாயங்காலமே ஒரு தாள்ல எழுதி வாசக்கதவுக்கு உள்பக்கம் ஒட்டுனேன், மூணு தடவை மாத்தி எழுதுனேன்.

முதல்ல வார்த்தைக்கு வார்த்தை: ‘கூரையிலிருந்து விழுகிற பனியைக் கவனி’. விகுதியெல்லாம் கணக்குத் தீர்ந்துடுச்சு, ஆனா இதைப் படிச்சா கூரையில பனி விழுறதை நின்னு வேடிக்கை பாருன்னு சொல்ற மாதிரி இருக்கு, ஐயும் ‘கவனி’யும் சேர்ந்தா அப்படித்தான் கேக்கும். ஆபத்தைச் சொல்ல வந்தது அழகைக் காட்டுற மாதிரி ஆயிடுச்சு.

அடுத்து ‘கூரை மேலிருந்து விழும் பனி – ஜாக்கிரதை’. இது போர்டாவே மாட்டலாம், பெயரெச்சம் அப்படியே இருக்கு, ஐ போயிடுச்சு, மேல் வந்துடுச்சு. பனி மட்டும் இன்னும் மார்கழிப் பனியாவே நின்னுச்சு.

மூணாவதா பெயரெச்சத்தை உடைச்சேன். ‘கூரை மேலேருந்து பனி சரிஞ்சு விழும், ஜாக்கிரதை.’ விழும்ங்கிறது இப்ப பனிக்கு முன்னாடி இல்ல, பின்னாடி வந்து முற்றா நிக்குது. ஃபின்னிஷ்ல ஒரே வாக்கியம், பனிதான் அதுல எச்சரிக்கையோட செயப்படுபொருள். தமிழ்ல ரெண்டா ஆயிடுச்சு, முதல்ல என்ன நடக்கும்னு ஒரு செய்தி, அப்புறம் ஜாக்கிரதை. யாரு விழுறாங்கிற குழப்பத்துக்கு இடமே இல்ல, ஏன்னா பனி எழுவாயா முன்னால வந்து உக்காந்துடுச்சு. விகுதியால ஃபின்னிஷ் செஞ்ச வேலையை இங்க வார்த்தை வரிசை செய்யுது.

அம்மா அதைப் படிச்சுட்டு “எம்புட்டு விழும்?”னு கேட்டாங்க. பகுதி வேற்றுமை அளவு சொல்றதில்லன்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது, ஜன்னல் வழியா எதிர்க் கட்டடத்துக் கூரை விளிம்பைக் காட்டுனேன், ஒரு முழத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மறுநாள்லேருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நடந்தாங்க.

போர்டு வச்சுட்டா கட்டடக்காரங்க பொறுப்பு முடிஞ்சுதா? தமிழ்ல ‘எங்கள் பொறுப்பல்ல’ன்னு சேர்க்கலாமா?

சேர்க்காதீங்க, போர்டுல அப்படி ஒரு அர்த்தமே இல்ல. ஃபின்லாந்தோட 2003 பொது ஒழுங்குச் சட்டப்படி கட்டடத்துலேருந்து பனியோ ஐஸோ விழுந்து ஆளுக்கு ஆபத்து வராம பாத்துக்கிறது கட்டடம் வச்சிருக்கவங்க கடமை. போர்டு வைக்கிறது கூரையைச் சுத்தம் பண்றவரைக்கும் இருக்கிற இடைக்கால ஏற்பாடு, நடைபாதையில தடுப்பு வச்சு மறிச்சுட்டு மேல ஆள் ஏறிப் பனியைத் தள்ளுவாங்க.

ஐஸும் சேர்த்து ஒரு நீள போர்டு பாத்தேன், அதுக்கு என்ன மாத்தணும்?

```
VARO KATOLTA PUTOAVAA LUNTA JA JÄÄTÄ
```

கடைசி வார்த்தைதான் ஐஸ், அதுக்கு முன்னாடி இருக்கிற யங்கிற சின்னச் சொல் நம்ம ‘உம்’. லுன்தவுல இருக்கிற அதே விகுதிதான் ஐஸுக்கும், ஆனா புள்ளி வச்ச அ. அந்த வார்த்தை முழுக்கப் புள்ளி வச்ச உயிரா இருக்கிறதால விகுதியும் அதே இனத்துக்கு மாறிக்கிது. ‘பேங்க்’னு சொல்லும்போது வர்ற உயிர் மாதிரி உச்சரிங்க. வேற விகுதியோன்னு குழம்ப வேணாம்.

புதொஅவா ஒரு தடவைதான் வருது, ஆனா பனி ஐஸ் ரெண்டையும் அணைச்சுக்கிது. தமிழ்ல உம் ரெண்டுலயும் வரணும்: ‘கூரை மேலேருந்து பனியும் ஐஸும் விழும், ஜாக்கிரதை.’ இங்க ‘சரிஞ்சு’ தேவையில்ல, ஐஸ்ங்கிற வார்த்தை பக்கத்துல வந்ததும் பனியும் எடை உள்ளதாத் தெரிஞ்சுடுது. அது மட்டுமில்ல, கூரை விளிம்புல ஈட்டி மாதிரி தொங்குற ஐஸ் சரியாது, ஒடிஞ்சு நேரா விழும்.

இதே மாதிரி படிக்கட்டு ஓரத்துல ஒரே நீள வார்த்தையா ஒரு போர்டு இருக்கே, அதையும் சொல்லிடுங்க?

```
EI TALVIKUNNOSSAPITOA
```

எய் தல்விகுன்னொஸ்ஸபிதொஅ. எய் ‘இல்லை’. மிச்சத்தை உடைச்சா தல்வி குளிர்காலம், குன்னொஸ்ஸ ‘நல்ல நிலையில’, பிதொ ‘வச்சுக்கிறது’, கடைசி அ நம்ம பகுதி வேற்றுமை. இல்லைன்னு மறுத்தா அந்தப் பொருள் பகுதி வேற்றுமைக்குப் போயிடும், கொஞ்சம்கூட இல்லங்கிற மாதிரி. நடுவுல குன்னொஸ்ஸவுக்குள்ள ஒரு -ஸ்ஸ இருக்கு பாருங்க, அது இடத்தைச் சொல்ல வந்தது இல்ல, கூட்டுச்சொல்லுக்குள்ள உறைஞ்சு போனது, அதைத் தனியா மொழிபெயர்க்கப் போனா தடுமாறுவீங்க.

‘குளிர்காலப் பராமரிப்பு இல்லை’ன்னு எழுதுனா தமிழ்ல அது குறை சொல்ற மாதிரி ஆயிடுது, யாரோ கவனிக்காம விட்டுட்டாங்கன்னு. அவங்க சொல்றது வேற, வேணும்னேதான் செய்யிறதில்ல, தெரிஞ்சு நடங்க, இல்லன்னா சுத்திப் போங்கன்னு. அதனால என்ன செய்யிறதில்லன்னு சொல்லிடுங்க: ‘குளிர்காலத்துல இந்தப் படியில பனி அள்ளுறதில்ல, வழுக்காம இருக்கப் பொடிக்கல்லும் போடுறதில்ல.’ பராமரிப்புங்கிற ஒரு பெயர் ரெண்டு வினையா விரியுது, வார்த்தை கூடுது, ஆனா படிக்கட்டு உச்சியில நிக்கிறவங்களுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சுடுது.